பழைய பங்குக்கு என்ன கிடைக்கும்?

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. அலகாபாத் வங்கியின் 1,000 பங்குகள் வைத்திருந்தவருக்கு இந்தியன் வங்கியின் 115 பங்குகள் கிடைத்தன. இரண்டு வங்கிப் பங்குகளுக்கும் முகமதிப்பு 10 ரூபாய்தான். ஆயிரம் கொடுத்தவருக்கு நூற்றுப் பதினைந்து என்றால் முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பங்கின் முகத்தில் அச்சான மதிப்பு வேறு, அதன் பின்னால் இருக்கும் சொத்தும் வருமானமும் வேறு. அந்த இரண்டாவதை எடை போட்டுத்தான் மாற்று விகிதம் முடிவாகிறது.

ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளும் இன்னொரு நிறுவனம், பழைய நிறுவனத்தின் பங்குதாரர்களுக்குப் பங்காகவோ பணமாகவோ கொடுப்பதன் மொத்த மதிப்பைக் கணக்கியலில் கொள்முதல் மறுபயன் என்பார்கள். இந்த ஒரு தொகை சரியாக வந்துவிட்டால் மற்ற பதிவுகள் தாமாக வரிசைக்கு வரும். இது தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும்.

அலகாபாத் வங்கி மறைந்தது, இந்தியன் வங்கி இருந்தது. இப்படி ஒன்று மற்றொன்றை விழுங்குவதைப் பாடநூல்கள் ஈர்ப்பு என்கின்றன. இரண்டுமே கலைந்து, புதிதாக ஒரு நிறுவனம் பிறந்து இரண்டையும் எடுத்துக்கொண்டால் அது ஒருங்கிணைப்பு. நம் ஊர் தொடர்புள்ள பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1921 ஜனவரி 27 அன்று வங்காள வங்கி, பம்பாய் வங்கி, சென்னை வங்கி என்ற மூன்று மாகாண வங்கிகளும் ஒன்றாகி இம்பீரியல் வங்கி ஆயின. அதுவே 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியானது.

புதிய நிறுவனத்தின் குறிப்பேட்டில் இது எப்படிப் பதிவாகிறது என்பதைப் பார்க்க, கற்பனையாக இரண்டு நூற்பாலைகளை எடுத்துக்கொள்வோம். தொகை எல்லாம் லட்ச ரூபாயில்.

பெரிய ஆலைக்குப் பத்து ரூபாய்ப் பங்குகள் 10 லட்சம். கடன் பத்திரம் வைத்திருப்போருக்கு 30, பஞ்சு வியாபாரிகள் முதலான கடனீந்தோருக்கு 30 தர வேண்டும். சின்ன ஆலைக்குப் பங்குகள் 6 லட்சம், கடனீந்தோர் 30, கடன் பத்திரம் கிடையாது. இரண்டையும் எடுத்துக்கொள்ளப் புது நிறுவனம் ஒன்று பதிவாகிறது. ஒப்பந்தம் இதுதான்: பெரிய ஆலையின் ஒவ்வொரு பங்குக்கும் புது நிறுவனத்தின் ஒரு பங்கும், கூடவே ஒரு ரூபாய் ரொக்கமும். சின்ன ஆலையின் ஒவ்வொரு 5 பங்குக்கும் புதுப் பங்கு 4. புதுப் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய், வெளியிடும் விலை 15. பெரிய ஆலையின் கடன் பத்திரக்காரர்களுக்கு அதே 30 லட்சத்துக்குப் புது நிறுவனம் தன் பத்திரத்தைத் தரும்.

பெரிய ஆலைக்கு: 10 லட்சம் பங்குகள் 15 ரூபாய் வீதம் 150, ரொக்கம் 10, ஆக 160. சின்ன ஆலைக்கு: 4.8 லட்சம் பங்குகள் 15 ரூபாய் வீதம் 72. இவையே கொள்முதல் மறுபயன். கடன் பத்திரக்காரர்களுக்குத் தரும் 30 இதில் சேராது. அவர்கள் ஆலையின் சொந்தக்காரர்கள் இல்லை, கடன் கொடுத்தவர்கள். அவர்களுக்குத் தர வேண்டியது ஆலையோடு சேர்ந்து புது நிறுவனத்தின் தலையில் ஏறும் பொறுப்பு, அவ்வளவுதான்.

அந்த ஒரு ரூபாய் ரொக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1994-இல் வெளியிட்ட 14-ஆவது கணக்கியல் தரநிலை, ஒருங்கிணைப்பை இணைவு, வாங்கல் என இரண்டாகப் பிரிக்கிறது. இணைவு என்று சொல்ல ஐந்து நிபந்தனைகள் உண்டு. எல்லாச் சொத்தும் பொறுப்பும் வந்து சேர வேண்டும். முகமதிப்பில் குறைந்தது 90 சதவீதப் பங்கு வைத்திருப்போர் புது நிறுவனத்தின் பங்குதாரர் ஆக வேண்டும். அவர்களுக்குத் தருவது முழுக்கப் பங்காகவே இருக்க வேண்டும். தொழில் தொடர வேண்டும். புத்தக மதிப்புகளை, கணக்குக் கொள்கைகளை ஒரே மாதிரி ஆக்குவதற்குத் தவிர வேறு எதற்கும் மாற்றக் கூடாது. அரைப் பங்கு, கால் பங்கு என்று மிச்சம் வந்தால் அதற்கு மட்டும் ரொக்கம் தரலாம். நம் உதாரணத்தில் முழுப் பங்குக்கே ரொக்கம் தரப்படுகிறது. மூன்றாவது நிபந்தனை அங்கேயே உடைகிறது. ஐந்தில் ஒன்று தவறினாலும் அது வாங்கல்தான்.

வாங்கல் என்றான பிறகு பழைய புத்தக மதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெரிய ஆலையின் நிலமும் கட்டடமும் புத்தகத்தில் 70. இன்றைய மதிப்பு 95. இயந்திரம் தேய்ந்து 50. சரக்கு 40. வர வேண்டிய கடன் 25-இல் 2 வராது என்று தெரிவதால் 23. வங்கி இருப்பு 5. மொத்தம் 213. பொறுப்பு 60 போக நிகரச் சொத்து 153. கொடுப்பதோ 160. கூடுதலாகப் போகும் 7 லட்சம் நற்பெயர். கடைத்தெருவில் குட்வில் என்று சொல்வார்களே, அதுதான்.

சின்ன ஆலையில் நிலம் 30, இயந்திரம் 35, சரக்கு 20, கடனாளிகள் 15, வங்கி 10, மொத்தம் 110. பொறுப்பு 30 போக 80. கொடுப்பது 72. குறைவாகக் கொடுத்த 8 மூலதனக் காப்பு ஆகிறது. அதை இலாபமாகக் காட்டிப் பங்காதாயம் கொடுத்துவிட முடியாது.

இனி குறிப்பேடு. முதல் பதிவு, கடன் எழுந்ததைச் சொல்வது:

வணிகக் கொள்முதல் கணக்கு – பற்று 232
பெரிய ஆலையின் கலைப்பாளர் கணக்கு – வரவு 160
சின்ன ஆலையின் கலைப்பாளர் கணக்கு – வரவு 72

கலைப்பாளர் என்பது பாடநூல் வழக்கு. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின்படி தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தரும் திட்டத்தில், பழைய நிறுவனம் கலைப்பு நடவடிக்கை இல்லாமலே மறைய முடியும். அப்போது கலைப்பாளர் என்று ஒருவரே இருக்க மாட்டார். பங்குகள் நேராகப் பங்குதாரருக்குப் போகும். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் வேண்டும்.

அடுத்தது, சொத்தும் பொறுப்பும் வந்து சேர்வது. பெரிய ஆலைக்கு இப்படி:

நிலம், கட்டடம் கணக்கு – பற்று 95
இயந்திரக் கணக்கு – பற்று 50
சரக்குக் கணக்கு – பற்று 40
கடனாளிகள் கணக்கு – பற்று 23
வங்கிக் கணக்கு – பற்று 5
நற்பெயர்க் கணக்கு – பற்று 7
கடன் பத்திரக்காரர் கணக்கு – வரவு 30
கடனீந்தோர் கணக்கு – வரவு 30
வணிகக் கொள்முதல் கணக்கு – வரவு 160

இரண்டு பக்கமும் 220. சின்ன ஆலைக்கும் இதே வரிசைதான். நற்பெயரைப் பற்று வைக்கும் இடத்துக்குப் பதிலாக மூலதனக் காப்புக்கு 8 வரவு. இந்த இரண்டு பதிவும் முடிந்ததும் வணிகக் கொள்முதல் கணக்கில் எதுவும் மிஞ்சாது. மிஞ்சினால், ஏதோ ஒரு சொத்தையோ பொறுப்பையோ விட்டுவிட்டோம் என்று பொருள்.

மூன்றாவது, கடனைத் தீர்ப்பது:

பெரிய ஆலையின் கலைப்பாளர் கணக்கு – பற்று 160
பங்கு முதல் கணக்கு – வரவு 100
பங்கு முனைமக் கணக்கு – வரவு 50
வங்கிக் கணக்கு – வரவு 10

முகமதிப்புக்கு மேல் வாங்கும் பிரீமியம்தான் முனைமம். சின்ன ஆலைக்குப் பங்கு முதல் 48, முனைமம் 24. கடன் பத்திரக்காரர் கணக்கைத் தனியே 30 பற்று வைத்து, புதுக் கடன் பத்திரக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

பதிவுகளின் வரிசையிலும் ஒரு காரணம் இருக்கிறது. புது நிறுவனம் பிறக்கும்போது அதன் கையில் காசில்லை. பங்குதாரருக்குத் தரும் 10 லட்சம், இரண்டு ஆலைகளிடமிருந்தும் வந்த 15 லட்சத்திலிருந்துதான் போகிறது. சொத்து முதலில் வந்தால்தான் ரொக்கம் பின்னால் போக முடியும்.

சின்னதாக இரண்டு பதிவுகள் மிச்சம். சின்ன ஆலை பெரிய ஆலையிடம் நூல் வாங்கி 3 லட்சம் பாக்கி வைத்திருந்தது என்று கொள்வோம். இப்போது கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒருவரே. ஆகவே கடனீந்தோர் கணக்கு பற்று 3, கடனாளிகள் கணக்கு வரவு 3. கலைப்புச் செலவு 1 லட்சத்தைப் புது நிறுவனம் ஏற்றால், நற்பெயர் பற்று, வங்கி வரவு.

முடிவில் இருப்புநிலைக் குறிப்பில் நிலம் 125, இயந்திரம் 85, சரக்கு 60, கடனாளிகள் 35, வங்கி 4, நற்பெயர் 8, ஆக 317. எதிர்ப்பக்கம் பங்கு முதல் 148, முனைமம் 74, மூலதனக் காப்பு 8, கடன் பத்திரம் 30, கடனீந்தோர் 57. அதுவும் 317.

பழைய ஆலைகளின் காப்பு நிதிகளைக் காணோமே என்று தோன்றலாம். வாங்கலில் அவை வராது. நிகரச் சொத்தின் மதிப்புக்குள் அடங்கிவிடுகின்றன. இணைவாக இருந்திருந்தால் காப்பு நிதிகளும் புத்தக மதிப்பிலேயே வந்திருக்கும். அங்கே நற்பெயர் பிறக்காது. பழைய பங்கு முதல் 100-க்குப் புது நிறுவனம் 120 தந்தால், அதிகப்படியான 20-ஐக் காப்பு நிதியிலிருந்து கழிப்பார்கள். வாங்கலில் பிறந்த நற்பெயரை 14-ஆவது தரநிலை பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் எழுதித் தள்ளச் சொல்கிறது. பங்குச் சந்தையில் உள்ளவை போன்ற பெரிய நிறுவனங்கள் 103-ஆவது இந்தியக் கணக்கியல் தரநிலைக்குக் கீழ் வருகின்றன. அங்கே நற்பெயரைத் தவணையாகக் குறைப்பதில்லை. ஆண்டுதோறும் மதிப்பு இறங்கியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை கடன் பத்திரத்தில்தான். அந்த 30-ஐயும் மறுபயனில் சேர்த்து 190 என்று எழுதி, பொறுப்பு வரிசையிலும் அதே 30-ஐ வைத்துவிடுவார்கள். நற்பெயர் 7-க்குப் பதில் 37 ஆகும். கடன் பத்திரம் 60 ஆகும். இரண்டு பக்கமும் ஆளுக்கு 30 ஏறுவதால் இருப்புநிலைக் குறிப்பு அப்போதும் ஒத்துப்போகும். ஒத்துப்போனதால் சரி என்று விட்டுவிட்டால் பிழை அப்படியே நிற்கும். கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். மறுபயனைப் பழைய பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், 160-க்குப் பங்குக்கு 16 ரூபாய்: ஒரு பங்கு 15, ரொக்கம் 1. 190-க்கு 19 ரூபாய் வரும். அந்த மேல் மூன்று ரூபாய் எந்தப் பங்குதாரரின் கைக்கும் போகவில்லை.