எட்டடி வெயில், இரண்டு நிமிட அமைதி

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த முதல் வீட்டை நாங்கள் பார்த்தது ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக்கு. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், வளவில் ஆத்தங்குடிக் கல், நடு முற்றத்தில் வானம். கேமராமேன் ஒரு வார்த்தை பேசவில்லை. இயக்குநர் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடலாம் என்றார். இரண்டு நாள் படப்பிடிப்பு, 14 பேர் கொண்ட யூனிட், லைவ் சவுண்ட். தாயும் மகளும் முற்றத்தோரம் உட்கார்ந்து பேசும் பகல் காட்சி ஒன்று, கூடத்தில் ஓர் இரவுக் காட்சி. மார்கழிக் கடைசியில் எடுப்பதாகத் திட்டம். லொகேஷன் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. முன்பணம் கொடுக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் அந்த வீடு கைவிட்டுப்போனது.

லொகேஷனில் மின்சாரம், சத்தம், வெளிச்சம், அனுமதி நான்கையும் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான்கும் ஒரே எடை இல்லை. மின்சாரம் போதாவிட்டால் வாடகைக்கு வாங்கலாம். வெளிச்சம் சரியில்லாவிட்டால் நேரத்தை மாற்றலாம், விளக்கு வைக்கலாம். சத்தத்தையும் அனுமதியையும் காசால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அதனால் நான் எப்போதும் அனுமதியில் தொடங்கி, அடுத்து சத்தம் பார்த்துவிட்டுத்தான் மற்ற இரண்டுக்கும் வருவேன். கண்ணுக்கு முதலில் படுவது வெளிச்சம் என்பதால் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் அனுமதி என்பது தனிக்கதை. வீட்டைப் பார்த்துக்கொண்ட பெரியவர், "தாராளமா எடுங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர், ஆனால் வீடு அவருடையது இல்லை. இந்தப் பெரிய வீடுகள் பல தலைமுறையாகப் பிரிக்கப்படாமல் பங்காளிகளின் பொதுச் சொத்தாக இருப்பவை. வளவைச் சுற்றியிருக்கும் ஒவ்வோர் அறையும் ஒரு பங்குக்கு, சாவி அந்தக் குடும்பத்திடம். முற்றமும் முகப்பும் எல்லோருக்கும் பொது. நாம் படமெடுக்க நினைப்பதோ அந்தப் பொது இடத்தில்தான்.

பெரியவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது? எத்தனை பங்கு? அடுத்த படைப்பு எப்போது? படைப்பு என்பது முன்னோர்களுக்குச் செய்யும் வழிபாடு. அதற்குக் குடும்பம் முழுக்க ஊருக்கு வந்துவிடும், அந்த நாட்களில் வீடு நமக்குக் கிடைக்காது. பதினொரு பங்கு என்று தெரிந்தது. எட்டுப் பேர் தொலைபேசியில் சம்மதித்தார்கள். மலேசியாவில் இருந்த ஒருவர், போன முறை எடுத்த யாரோ தூணில் ஆணியடித்துவிட்டதாகச் சொல்லி மறுத்தார். அவர் சொன்னது நியாயம். அவரை மீறி எட்டுப் பேர் கையெழுத்தை வைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால், இரண்டாம் நாள் காலை யாராவது வாசலில் வந்து நின்றிருப்பார்கள். பாதி எடுத்த காட்சியை வேறு வீட்டில் தொடர முடியாது.

அதற்குள் சத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று மீண்டும் போனேன். முதல் நாள் நாங்கள் ஐந்து பேரும் பேசிக்கொண்டே இருந்ததால் வீட்டின் சத்தம் யார் காதிலும் விழவில்லை. இந்த முறை சவுண்ட் ரெக்கார்டிஸ்டும் நானும் மட்டும். படத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே மைக், காதில் ஹெட்போன், நடிகர்கள் உட்காரப்போகும் அதே இடம், எடுக்கப்போகும் அதே நேரம். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பதிவு செய்தோம். கைபேசியில் டெசிபல் காட்டும் செயலி உண்டு. அந்த எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. எங்கள் காட்சியில் ஒரு ஷாட் சுமார் இரண்டு நிமிடம். அதனால் பதிவைப் போட்டுக் கேட்டு ஒன்றைத்தான் எண்ணினோம்: அரை மணியில் தடையில்லாத இரண்டு நிமிட அமைதி எத்தனை முறை கிடைத்தது? மூன்று முறை. வீட்டுக்கு முன்னால் சாலை மேடேறும் இடத்தில் ஒவ்வொரு பேருந்தும் கியர் மாற்றியது. வெறும் காதுக்கு அது பழகிப்போன சத்தம். மைக்கில் மகளின் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

இங்கே சத்தத்தை இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும். நேரம் தெரிந்த சத்தம், நேரம் தெரியாத சத்தம். கோயில் ஒலிபெருக்கி மார்கழியில் விடியற்காலை பாடும் என்பது தெரியும், அந்த நேரத்தில் எடுக்காமல் இருக்கலாம். பள்ளிக்கூட மணி, அரிசி ஆலை, பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் இவற்றுக்கும் கேட்டால் நேரம் சொல்வார்கள். தெருக்கோடியில் கல்யாண மண்டபம் இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் போதும். எங்களுக்கு மார்கழி என்பதால் முகூர்த்தமே இல்லை, அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் மேட்டில் ஏறும் பேருந்துக்கும் லாரிக்கும் பஞ்சாங்கம் கிடையாது. முதல் வீட்டை விட்டுவிட இது ஒன்றே போதும். மலேசியாக்காரர் மறுத்ததில் எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

இரண்டாவது வீடு நான்கு தெரு தள்ளி, ஊருணிக்குப் பின்னால். தூண்கள் சிறியவை, முகப்பில் சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. நான்கே பங்கு. அரை மணியில் ஒன்பது முறை இரண்டு நிமிட அமைதி. கூடத்தில் கையைத் தட்டிப் பார்த்தோம், சத்தம் சுவரில் மோதி நீண்ட நேரம் சுழன்றது. கல் தரையும் வழவழப்பான சுவரும் உயரமான கூரையும் உள்ள எந்தக் கூடமும் அப்படித்தான். ஜமக்காளமும் கனத்த போர்வைகளும் கேமராவுக்குப் படாத பக்கங்களில் தொங்கவிட்டால் பாதி அடங்கும். காசு கொடுத்துச் சரிசெய்யக்கூடிய குறை அது.

அடுத்து வெளிச்சம். நாங்கள் பார்த்தது ஐப்பசி, எடுக்கப்போவது மார்கழிக் கடைசி. இரண்டு மாதத்தில் வெயில் விழும் இடம் நன்றாகவே மாறிவிடும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும், முற்றத்தில் நிழலே இருக்காது. ஜூனில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே போய்விடுவதால் வெயில் தெற்குத் தாழ்வாரத்தின் ஓரத்தில் விழும். டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கி, நண்பகலிலும் சுமார் 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். வெயில் வடக்குத் தாழ்வாரத்துக்குள் நுழையும்.

எவ்வளவு தூரம் நுழையும் என்பதுதான் காட்சியைத் தீர்மானிக்கிறது. அந்த வீட்டுத் தாழ்வார இறப்பு தரையிலிருந்து 12 அடி. ஐப்பசியில் நண்பகலில் அளந்தபோது வெயில் இறப்புக்கு நேர்கீழிலிருந்து நாலரை அடி உள்ளே வந்திருந்தது. மார்கழிக் கடைசியில் அது எட்டடி வரும். தாய் உட்காரப்போகும் தூணடியை நாங்கள் ஐந்தடியில் குறித்திருந்தோம். அன்றைக்கு நிழல், படப்பிடிப்பன்று அவள் முகத்தில் சுள்ளென்ற வெயில். அவளைப் பத்தடிக்குத் தள்ளி உட்காரவைத்தால் தரையில் விழும் வெயிலே கீழிருந்து முகத்துக்கு மென்மையான வெளிச்சம் கொடுக்கும், விளக்கு தேவையில்லை. சூரியப் பாதை காட்டும் செயலிகள் இந்தக் கணக்கைக் கைபேசியிலேயே போட்டுவிடும். நீங்கள் எடுக்கப்போகும் தேதியை அதில் மறக்காமல் மாற்ற வேண்டும். அந்த ஊரில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 12.20 வாக்கில். அதனால் 11.30 முதல் 1 மணி வரை அந்தக் காட்சிக்கு என்று ஒதுக்கினோம்.

மின்சாரத்துக்குக் கடைசியில் வந்தாலும் கணக்கு கறாராக இருக்க வேண்டும். இரவுக் காட்சிக்கு 1,200 வாட் ஹெச்எம்ஐ விளக்கு ஒன்று, 600 வாட் எல்இடி ஒன்று, 300 வாட் இரண்டு. மொத்தம் 2,400. மானிட்டரும் பேட்டரி சார்ஜர்களும் 400. இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போது காஸ்ட்யூமர் அயர்ன் பாக்ஸைச் செருகுவார், அது 1,000. ஆக 3,800 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் பதினாறரை ஆம்பியர். பவர் பிளக் ஒன்றின் எல்லையே 16 ஆம்பியர்தான், அதிலும் மணிக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் 13-க்கு மேல் இழுக்கக் கூடாது. அந்த வீட்டில் இருந்ததே ஒரு பவர் பிளக். பழைய வயரிங், பீங்கான் ஃபியூஸ் கேரியர். மாலை 7 மணிக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 195 வோல்ட். பகலில் பார்த்திருந்தால் 225 காட்டியிருக்கும், நம்பியிருப்போம். இன்னொன்று, வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த இணைப்பில் படப்பிடிப்பு நடத்துவது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடாகும். இரு மடங்குக் கட்டணம் வீட்டுக்காரர் தலையில் விழும். தற்காலிக இணைப்பு கேட்டு வாங்கலாம், அல்லது ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் வந்தால் சத்தம் திரும்பவும் வந்துவிடும். இந்த இடத்தில் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே உதவியது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஜெனரேட்டரைப் பின்தெருவில் நிறுத்தினால் இடையில் வரும் கட்டுகளின் கனத்த சுவர்கள் சத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். கேபிள் 60 மீட்டர் வேண்டியிருந்தது. சாதாரண 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் அந்த நீளத்தில் 10 ஆம்பியருக்கு ஏறக்குறைய 9 வோல்ட்டை விழுங்கிவிடும், அதனால் தடித்த கேபிள் எடுத்தோம். வீட்டு டியூப் லைட்டுகளையும் எங்கள் கேமராவிலேயே சோதித்தோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்குக்கு வைத்தபோது திரையில் ஓடிய கோடுகள் மறைந்தன.

பிறகுதான் காகிதம். தேதி, நேரம், எந்தெந்த அறை, எத்தனை பேர், ஜெனரேட்டர் நிற்கும் இடம், முன்வைப்புத் தொகை. ஆணி அடிப்பதில்லை, சுவரில் டேப் ஒட்டுவதில்லை, ஆத்தங்குடிக் கல்லில் ஸ்டாண்டை இழுப்பதில்லை என்று மூன்று வரி, மலேசியாக்காரரை நினைத்து நானே சேர்த்தேன். ஏற்கெனவே இருந்த விரிசல்களைப் படமெடுத்து இணைத்தோம். நான்கு பங்காளிகளும் கையெழுத்துப் போட்டார்கள். காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் கடிதம். ஊருணிக்கரையில் நினைத்திருந்த ஒரு ஷாட்டுக்கு ஊராட்சியில் தனியாகக் கேட்டோம், ஏனென்றால் ஊருணி வீட்டுக்காரருடையது அல்ல.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மோட்டார் விஷயத்தையும் அன்றே சொல்லியிருந்தேன். படப்பிடிப்பன்று காலை நாங்கள் சாமான் இறக்கும்போது மதில்மேல் எட்டிப் பார்த்தார். "தம்பி, தொட்டிய ஏழரைக்கே ரொப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் போட மாட்டேன்" என்றார்.