அடுத்த சார்ஜர் பழுதாக இருந்தால்?

காட்டாங்குளத்தூரில் குடியிருந்துகொண்டு மாதம் இரண்டு முறை திருச்சிக்குக் காரில் போய்வருகிறவர் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா? பக்கத்து வீட்டுத் தம்பி டீக்கடையில் கேட்டார். “வழியில சார்ஜர் போதாதுன்னு சொல்றாங்களேண்ணா” என்றார். அவருக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் வேண்டும் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2019-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஆனால் வரைபடத்தில் உள்ள புள்ளிகளை எண்ணி முடிவெடுக்க முடியாது. நாம் நம்பிப் போகும் சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்ச் சேர முடியுமா? இடைவெளியை இந்தக் கேள்வியால் அளக்க வேண்டும்.

அதற்கு முதலில் கார் உண்மையில் எவ்வளவு ஓடும் என்று தெரிய வேண்டும். 40 யூனிட் பேட்டரி உள்ள காரை எடுத்துக்கொள்வோம். ஏசி போட்டு, 90–100 வேகத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் போனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் செலவாகும். முழு பேட்டரிக்கு 250 கிலோமீட்டர். கம்பெனி விளம்பரத்தில் இருக்கும் தூரம் இதைவிட நிறையவே அதிகம், அதை மறந்துவிடுங்கள். கடைசி 15 சதவீதத்தையும் தொடக்கூடாது. ஆக, வீட்டில் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கைவசம் உள்ளது 210 கிலோமீட்டர். வழியில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். அதனால் அங்கே 80 வரை ஏற்றிக்கொண்டால் அடுத்த கட்டத்துக்கு 160 கிலோமீட்டர்தான் கிடைக்கும்.

இப்போது திருச்சிக்குப் போவோம். காட்டாங்குளத்தூரிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். விழுப்புரம் 120, உளுந்தூர்பேட்டை 160, பெரம்பலூர் 230. பாதி வழி தாண்டியாயிற்று, உளுந்தூர்பேட்டையில் நிறுத்தலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே போய்ச் சேரும்போது 14 யூனிட் மிச்சம் இருக்கும். சார்ஜர் பழுது என்றால் பெரம்பலூருக்கு இன்னும் 70 கிலோமீட்டர், 11 யூனிட். 3 யூனிட்டோடு பெரம்பலூரில் போய் நிற்க வேண்டும். அங்கேயும் க்யூ இருந்தால் நிலைமை மோசம்.

விழுப்புரத்திலேயே நிறுத்தினால் 21 யூனிட் கையில் இருக்கும். அங்கே சார்ஜர் வேலை செய்யாவிட்டாலும் 40 கிலோமீட்டரில் உளுந்தூர்பேட்டை இருக்கிறது, பயமில்லாமல் போகலாம். வேலை செய்தால் சுமார் 40 நிமிடம் நின்று 90 சதவீதம் ஏற்றிக்கொண்டு, 170 கிலோமீட்டர் ஓட்டி, 9 யூனிட் மிச்சத்தோடு திருச்சி சேரலாம். முன்கூட்டி நிறுத்தியதற்காகக் கொடுக்கும் விலை அந்தக் கடைசிப் பத்து சதவீதம் மெதுவாக ஏறும் நேரம் மட்டும்தான்.

அந்த 40 நிமிடமும் சும்மா வந்துவிடாது. 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சார்ஜர் பலவற்றில் இரண்டு கன் இருக்கும். இன்னொரு கார் வந்து சொருகினால் ஆளுக்கு 30 ஆகிவிடும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவில் உங்களுக்கு முன்னால் இரண்டு கார் நின்றால் ஒன்றரை மணி நேரம்கூடப் போகலாம். ஆகவே ஆப்பில் மூன்றைப் பாருங்கள்: எத்தனை கன், கடைசியாக யாராவது எப்போது சார்ஜ் போட்டார்கள், சாலையின் எந்தப் பக்கம். நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் எதிர்ப்பக்க சார்ஜருக்குத் திரும்ப யூ-டர்ன் தேடிச் சில கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

உண்மையான இடைவெளி பெரும்பாலும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் வரும். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் என்றால், அந்த வீட்டில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம். இருந்தால் மணிக்கு 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணி நேரத்தில் 30 யூனிட். விடியும்போது ஊர் திரும்பத் தயார். எர்த் இல்லாத பழைய வயரிங் என்றால் காரோடு வரும் சார்ஜர் ஃபால்ட் காட்டி நின்றுவிடும். வோல்டேஜ் மிகவும் இறங்கினாலும் அப்படித்தான். காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து ஊர் வீட்டில் எர்த்தைச் சோதித்துப் பாருங்கள்.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. இரண்டு வீட்டிலும் இரவு சார்ஜ் போட வழியிருந்து, வழியில் எந்த ஒரு சார்ஜர் பழுதானாலும் அடுத்ததற்கு 15 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேர முடிந்தால், வாங்கலாம். போய்ச் சேருமிடத்தில் பிளக் இல்லை, அங்கிருந்து நல்ல சார்ஜர் 60, 70 கிலோமீட்டர் தள்ளி என்றால், அந்தப் பயணத்துக்கு இந்த பேட்டரி ஒத்துவராது. பெரிய பேட்டரி பாருங்கள். அல்லது இன்னும் கொஞ்ச நாள் பெட்ரோல் காரே இருக்கட்டும்.