நுண்ணலை அடுப்பில் மென்மையான கேக்

விறகடுப்பில் ரொட்டி சுடலாம், கறி வைக்கலாம், ஆனால் கேக் சுடுவது எளிதன்று. அதனாற்றான் பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்வோர் பலருக்குக் கேக் என்பது கடையில் வாங்கும் பண்டமாகவே இருந்து வந்திருக்கிறது. இன்று நகரத்து இல்லங்கள் பலவற்றில் மட்டுமன்றித் தோட்டத்து வீடுகள் சிலவற்றிலும் மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை அடுப்பு இடம் பெற்றுவிட்டது. சில வீடுகளுக்கு அது வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்களுடன் கப்பலேறி வந்த பொருள்.

பிள்ளையின் பிறந்த நாள் வருகிறது. தாய் மாவும் முட்டையும் கலந்து, கலவையைக் கிண்ணத்தில் ஊற்றி, அடுப்பினுள் வைத்துப் பொத்தானை அழுத்துகிறாள். ஐந்து நிமிடத்தில் கேக் பொங்கி எழுகிறது. வீடே மகிழ்கிறது. ஒரு மணி நேரம் கழித்து வெட்ட முற்படும்போது கத்தி இறங்க மறுக்கிறது. துண்டை அழுத்தினால் இறப்பரைப் போல் மீண்டெழுகிறது. இரண்டு முட்டையும் சீனியும் போனதோடு பிள்ளையின் முகமும் வாடிவிடுகிறது. இந்த அநுபவம் நேயர் பலருக்கும் நேர்ந்திருக்கக் கூடும். குற்றம் கைப்பக்குவத்தில் அன்று. அடுப்பின் வலுவையும் நேரத்தையும் நாம் கணக்கிடாமல் விட்டதிலேயே இருக்கிறது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

1945ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் பேர்சி ஸ்பென்சர், ராடர் கருவிக்குப் பயன்பட்ட மக்னெற்றோன் என்னும் குழாயிலிருந்து பிறக்கும் அலைகள் உணவைச் சூடாக்குவதைப் பயன்படுத்தி இவ்வடுப்புக்கு வித்திட்டார். போறணையில் முதலிற் சூடாவது காற்று. அதன் பின்னரே கேக்கின் மேற்புறமும், கடைசியில் நடுப்பகுதியும் சூடேறும். நுண்ணலை அடுப்பிலோ காற்றுச் சூடாவதில்லை. அலைகள் கலவையினுள் ஓரிரு அங்குலம் புகுந்து, அங்குள்ள நீரை நேரே சூடாக்குகின்றன. ஆதலால் மேற்புறம் பொன்னிறம் பெறுவதில்லை. கேக் இன்னும் வெளிறியிருக்கிறதே என்று எண்ணி மேலும் சில நிமிடம் வைப்பதே முதற்பெருந்தவறு. எத்தனை நிமிடம் வைத்தாலும் அது சிவக்காது, காய்ந்துதான் போகும். நிறம் வேண்டுமாயின் வெள்ளைச் சீனிக்குப் பதிலாகச் சிவப்புச் சீனியை இடலாம்.

இறப்பர்த் தன்மைக்கும் இதுவே காரணம். கடும் வலுவில் நீர் விரைந்து ஆவியாகிவிடுகிறது. மாவிலுள்ள மாச்சத்து மிகுந்த வேகத்தில் வீங்கி, அதன் ஒரு பகுதி துகள்களுக்கு வெளியே கசிகிறது. கேக் ஆறும்போது அப்பகுதி இறுகி வலைபோலாகிறது. கோதுமையின் பசைத்தன்மையும் நீரிழந்து சுருங்குகிறது. சூடாக இருக்கையில் இவை எவையும் புலப்படா. ஆகவே அடுப்பிலிருந்து எடுத்தவுடன் தின்று பார்த்து மென்மையை மதிப்பிடுதல் கூடாது. ஆறிய பின்னரே உண்மை வெளிப்படும்.

அடுப்பின் வலுவை அறிதல்

அடுப்பின் பின்புறத்திலோ கதவின் ஓரத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் இரண்டு உவாற்று அளவுகள் இருக்கும். ஒன்று அடுப்பு மின்கம்பியிலிருந்து இழுக்கும் வலு. அது 1,250 உவாற்று என வைத்துக்கொள்வோம். மற்றது உணவுக்குக் கொடுக்கும் வலு. அது 800 உவாற்றாக இருக்கலாம். சமையற் கணக்குக்கு வேண்டியது இந்தச் சிறிய எண்ணே.

நாம் செய்யவிருக்கும் கேக்குக்கு ஏறத்தாழ 560 உவாற்று வலுவும் ஐந்தரை நிமிட நேரமும் ஏற்றவை. 800 உவாற்று அடுப்பாயின் வலு மட்டத்தை நூற்றுக்கு 70 என வைக்கவேண்டும். 700 உவாற்று அடுப்பாயின் 80 என்றும், 1,000 உவாற்று அடுப்பாயின் 60 என்றும் வைக்கலாம். கடைசியிற் சொன்னதில் வலு சற்றுக் கூடுதலாதலால் ஐந்து நிமிடம் போதும்.

வலு மட்டத்தைக் குறைப்பதால் என்ன நிகழ்கிறது? சாதாரண அடுப்புகளில் அலையின் வேகம் தணிவதில்லை; அடுப்பு சிறிது நேரம் இயங்கிச் சிறிது நேரம் ஓய்கிறது. 30 விநாடியில் 21 விநாடி இயங்கி 9 விநாடி ஓய்ந்தால் அதுவே நூற்றுக்கு 70. காது கொடுத்துக் கேட்டால் இரைச்சல் எழுந்து அடங்குவது தெரியும். அந்த ஓய்வில் ஓரத்து வெப்பம் நடுப்பகுதியை நோக்கி நகர்கிறது. ஓரம் காயாமல் நடுப்பகுதி வேக இடம் கிடைக்கிறது.

இதே கேக்கை 800 உவாற்று முழுவலுவில் ஐந்தரை நிமிடம் வைத்தால் மேலதிகமாகச் சேரும் வெப்பம், ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி நீரை ஆவியாக்கப் போதியது. நாம் கலவையில் ஊற்றும் பாலே நான்கு மேசைக்கரண்டிதான். அதிற் பாதியளவு வீணே ஆவியாகுமாயின் கேக் எவ்வாறு மென்மையாயிருக்கும்?

செய்முறை

கோதுமை மா 80 கிராம், கோன்பிளவர் 20 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மட்டத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகிய நான்கையும் இருமுறை அரித்துக்கொள்க. கோன்பிளவர் சேர்ப்பது மாவின் பசைத்தன்மையைக் குறைப்பதற்காகவே. வேறொரு பாத்திரத்தில் இரண்டு முட்டையையும் 80 கிராம் சீனியையும் சீனி பெரும்பாலும் கரையும் வரை அடித்து, 60 மில்லிலீற்றர் சமையல் எண்ணெயும், அதே அளவு பாலும், சிறிது வனிலாவும் சேர்க்கவும். மலைநாட்டுக் குளிரில் பட்டர் கட்டியாகிவிடும்; எண்ணெய் எளிதிற் கலப்பதோடு ஆறிய கேக்கையும் மென்மையாக வைத்திருக்கும். முட்டையும் பாலும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவையாயின் அரைமணி நேரம் முன்னரே வெளியே எடுத்து வையுங்கள்.

இப்பொழுது மாவை இதனுடன் சேர்த்து, வெள்ளைமா கண்ணுக்கு மறையும் வரை மட்டும் கிளறவும். அதற்குமேல் அடித்தால் ரொட்டி மாவைப் பிசைந்தது போலாகிப் பசைத்தன்மை வலுக்கும்.

பாத்திரம் கண்ணாடியாகவோ, நுண்ணலை அடுப்புக்கு உகந்த பிளாஸ்ரிக்காகவோ இருக்கட்டும். அலுமினியமும் பொன்விளிம்பிட்ட பீங்கானும் ஆகா, தீப்பொறி பறக்கும். சதுரப் பாத்திரத்தின் மூலைகளில் அலைகள் இருபுறமிருந்தும் தாக்குவதால் அம்மூலைகள் முதலிற் காய்ந்துவிடும். எனவே ஏழு அங்குல அகலமுள்ள வட்டப் பாத்திரமே சிறந்தது. அடியில் எண்ணெய்த்தாளை விரித்துக் கலவையை ஊற்றுக. பாதிக்குமேல் நிரப்ப வேண்டாம். கேக் போறணையிற் காட்டிலும் உயரமாகப் பொங்கும். சுழல்தட்டின்மேல் ஒரு பீங்கான் கிண்ணத்தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்தால் அடிப்பாகத்தின் நடுவும் சீராக வேகும்.

நிறுத்தவேண்டிய தருணம்

நாலரை நிமிடம் ஆனதும் கதவைத் திறந்து பாருங்கள். ஓரம் பாத்திரத்தை விட்டு இலேசாக விலகியிருக்கும். மேற்புறத்தில் ஆங்காங்கே நாணயமளவு ஈரத் திட்டுகள் தெரியும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஓர் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. ஒட்டினால் அரை நிமிடம் வைத்து மறுபடி பார்க்கவும். ஒட்டாவிட்டால் மேற்புறம் ஈரமாயிருப்பினும் உடனே நிறுத்திவிடவேண்டும். இதைச் செய்ய மனந்துணிவதே இக்கலையின் பாதி.

பாத்திரத்தை வெளியே எடுத்து ஒரு தட்டினால் இலேசாக மூடி, எட்டு நிமிடம் அப்படியே விடுக. உள்ளிருக்கும் வெப்பம் மீதி வேலையை முடித்துவிடும். ஈரத் திட்டுகளும் மறைந்துவிடும். அதன்பின் கவிழ்த்தெடுத்து ஆறவிடலாம். ஆறிய கேக்கை மூடிவைத்து அன்றே உண்பது நன்று. இது போறணைக் கேக்கைக் காட்டிலும் விரைவில் உலர்ந்துவிடும்.

பிழை நேர்ந்தால் அதன் அடையாளத்தைக் கண்டு காரணத்தை அறியலாம். ஓரம் மட்டும் கடினமாகி நடு நன்றாயிருந்தால் வலு அதிகம்; மட்டத்தை 10 குறைத்து அரை நிமிடம் கூட்டுங்கள். முழுவதும் ஒரே சீராக இறுகினால் நேரம் அதிகம். நடுப்பகுதி பள்ளமாக விழுந்து ஈரமாயிருந்தால் நேரம் குறைவு அல்லது பாத்திரம் மிகச் சிறியது.

மலையும் மின்சாரமும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு நீர் 98 பாகையளவிற் கொதிக்கும். மேற்சொன்ன அளவை மாற்றவேண்டியதில்லை. 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையிலும் அதனையொத்த உயரத்துத் தோட்டங்களிலும் நீர் 95 பாகையளவிலேயே கொதிக்கிறது. காற்றின் அழுத்தம் குறைவாதலால் கேக் அளவுக்கு மீறிப் பொங்கிப் பின் அமிழும். நீரும் விரைந்து ஆவியாகும். அங்கு பேக்கிங் பவுடரை முக்கால் தேக்கரண்டியாகக் குறைத்து, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டுதல் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1,250 உவாற்று இழுக்கும் அடுப்பு 230 வோல்ற்றில் ஏறத்தாழ ஐந்தரை அம்பியர் மின்னைக் கொள்ளும். லயன் வீடுகளில் விளக்குக்கும் வானொலிக்குமாக அமைத்த 5 அம்பியர்ப் பிளக் பொயின்ட் அதைத் தாங்காது. கம்பி சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். 13 அல்லது 15 அம்பியர்ப் பொயின்டிலேயே செருகவேண்டும். நீட்டிப்புக் கம்பி கூடாது. மாலையில் விளக்குகள் மங்கி எரியும் இடங்களில் மின்னழுத்தம் தாழ்வதால் அடுப்பின் வலுவும் தாழும். அந்நேரத்தில் ஐந்தரை நிமிடக் கணக்குப் பொருந்தாது. ஈர்க்குக் காட்டும் சான்றையே நம்பவேண்டும்.

இத்தனைக்கும் பின்னர் ஒருநாள் கேக் இறுகிப்போனால் அதை மீண்டும் அடுப்பில் வைத்து மென்மையாக்க முயலாதீர்கள், மேலும் இறுகும். மெல்லிய துண்டுகளாக வெட்டி, சூடான பாலில் சிறிது சீனியும் வனிலாவும் கலந்து அவற்றின்மேல் ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். இழந்த நீரிற் பெரும்பகுதி திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு அன்று கேக்குக்குப் பதிலாகப் புடிங் கிடைக்கும்.