திறப்பு விழாவுக்கு முன் இரண்டு வாரம்

நம் ஊரில் ஓட்டல் திறப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நல்ல நாள் பார்த்து, பத்திரிகை அடித்து, தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். அன்று காலை ஹோமம் முடிந்ததும் சொந்தபந்தம், அக்கம்பக்கம், புதுக்கடை எப்படி என்று பார்க்க வந்தவர்கள் என மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து உட்காரும். அந்தச் சமையலறைக்கு அதுதான் முதல் வேலைநாள். தோசை மாஸ்டருக்குப் புதுக்கல்லின் சூடு இன்னும் பிடிபட்டிருக்காது. சப்ளையருக்கு எந்த மேசை எந்த எண் என்பது மனதில் பதிந்திருக்காது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனவர் மறுபடி வருவது சந்தேகம்தான்.

நல்ல நாளையும் விடவேண்டாம், இந்தத் தலைவலியும் வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. குறித்த நாளில் பால் காய்ச்சிக் கடையைத் தொடங்கிவிட்டு, விளம்பரத்தையும் விழாவையும் மட்டும் இரண்டு வாரம் தள்ளிவைப்பது. அந்த இரண்டு வாரமும் வெள்ளோட்டம். தெரிந்தவர்களுக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் மட்டும் பரிமாறி, கடையின் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்றுப் பெயர் வாங்கிய ஒருவர், 32 பேர் உட்காரும் டிபன் கடைக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் தட்டு வெளியே போவதற்கு முன்பே உணவுப் பாதுகாப்புப் பதிவு கையில் இருக்க வேண்டும். சாப்பிட வருபவர் நண்பர்தானே என்று விலக்கு எதுவும் கிடையாது. தண்ணீரின் சுத்தம், எண்ணெய், பாத்திரம் கழுவும் முறை ஆகியவையும் அப்படியே. இவற்றில் நண்பர்களை வைத்துச் சோதனை செய்யக் கூடாது.

முதல் நான்கு நாள், காலை டிபன் மட்டும். இட்லி, பொங்கல், வடை, இரண்டு வகை தோசை, காபி போதும். ஒரு நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் அழைக்கலாம். ஐந்தாம் நாளிலிருந்து வண்டிக் காலத்து வாடிக்கையாளர்கள் வரட்டும். மெனுவும் மாலை நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம். கடைசி மூன்று நான்கு நாளில் 32 இருக்கைகளும் ஒரே நேரத்தில் நிரம்பும்படி வேண்டுமென்றே ஆட்களை வரச்சொல்ல வேண்டும். பல கோளாறுகள் அப்போதுதான் வெளியே வரும்.

இலவசமாகப் போடலாமா? கூடாது. சும்மா கிடைத்தால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பார்கள். வழக்கமாக என்ன விற்கும் என்ற கணக்கே குலைந்துவிடும். கல்லாவில் பில் போடுவது, சில்லறை கொடுப்பது, க்யூஆர் கோடில் பணம் வந்ததா என்று பார்ப்பது எதற்கும் பழக்கம் வராது. முழு விலைக்குப் பில் போட்டு, அதிலேயே பாதியைக் கழித்துக் காட்டுவது நல்லது. கடைசி நாட்களில் அந்தக் கழிவும் வேண்டாம்.

நண்பர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. “சாப்பாடு எப்படி இருந்தது?” என்று கேட்டால், “சூப்பர்!” என்பார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேட்க வேண்டும். “எதை மிச்சம் வைத்தீங்க?”, “எதுக்கு ரொம்ப நேரம் காத்திருந்தீங்க?” என்று கேட்டால் விவரம் வரும். அதைவிட உண்மையைச் சொல்வது கழுவப்போகும் தட்டுகள். பத்துத் தட்டில் ஏழில் காரச் சட்னி அப்படியே திரும்பினால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களோ ஒப்பிட்டுச் சொல்வார்கள். “வண்டியில இருந்த சாம்பார் மாதிரி இல்லையேண்ணே” என்று ஒருவர் சொன்னால் அது ஒரு துப்பு. ஐந்து லிட்டர் சாம்பாருக்குக் கைப்பக்குவமாகப் போட்ட புளியும் உப்பும் முப்பது லிட்டருக்கு அப்படியே ஆறு மடங்காகப் பொருந்துவதில்லை. சரக்கு மாஸ்டர் அளந்து போட்டு, எழுதிவைத்து, இரண்டு மூன்று நாள் திருத்தினால்தான் பழைய ருசி பிடிபடும்.

இனி, எல்லா டிபன் கடைகளையும் படுத்தும் கோளாறு ஒன்றைப் பார்ப்போம். ஆர்டர் சீட்டில் சப்ளையர் இரண்டு நேரங்களைக் குறிக்க வேண்டும்: ஆர்டர் எடுத்த நேரம், தட்டு மேசைக்குப் போன நேரம். பன்னிரண்டு பேர் வந்த நாட்களில் தோசை எட்டுப் பத்து நிமிடத்தில் போயிருக்கும். கடை நிரம்பிய அன்று சிலர் அரை மணி நேரம் காத்திருந்ததைச் சீட்டு காட்டும். முதலாளி மாஸ்டரைத் திட்டுவார். ஆனால் தவறு மாஸ்டரிடம் இல்லை, கல்லில்.

நான்கு தோசை வாங்கும் கல் என்றால், துடைத்து, ஊற்றி, எடுக்க ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் ஆகும். இருபது பேர் ஒரே சமயத்தில் தோசை கேட்டால் ஐந்து சுற்று. கடைசி ஆளுக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம். அதற்குள் முதலில் சாப்பிட்டவர் இரண்டாவது தோசை கேட்பார். நடுவில் நான்கு பேர் வெங்காய ஊத்தப்பம் கேட்டால், ஒவ்வொன்றும் இரண்டு தோசைக்கான நேரம் கல்லை அடைத்துக்கொள்ளும். வரிசை அங்கேதான் தேங்குகிறது.

தீர்வு மூன்று. இன்னொரு கல் போடலாம். அதற்கு இடமும் கேஸ் இணைப்பும் இன்னொரு ஆளும் வேண்டும். கூட்ட நேரமான எட்டிலிருந்து பத்துவரை ஊத்தப்பத்தை நிறுத்தலாம். உட்கார்ந்ததும் தயாராக இருக்கும் இட்லி, பொங்கல், வடையைச் சப்ளையர் முதலில் சொல்லலாம். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். செலவில்லாத மாற்றத்தை முதலில் செய்து, மறுநாள் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

இரண்டு வாரம் எதற்கு, நான்கு நாள் போதாதா என்று தோன்றலாம். சில கோளாறுகள் முதல் நாளே தெரியும். சில நாள் கடந்துதான் தெரியும். பாத்திரம் கழுவும் இடத்தின் சாக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைக்க ஒரு வாரமாவது ஆகலாம். மழை பெய்து குளிர்ந்த இரவில் மாவு புளிக்காமல் போவது, அப்படி ஓர் இரவு வந்தால்தான் தெரியும். தோசை மாஸ்டர் விடுப்பு எடுக்கும் நாளில் கல்லருகே யார் நிற்பது என்ற கேள்வியும் அன்றுதான் எழும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரண்டு முறையாவது வந்துபோனால்தான் பால், மாவு, கேஸ் எவ்வளவு வேண்டும் என்பது பிடிபடும். இந்த நாட்களின் வாடகையையும் சம்பளத்தையும் முன்கூட்டியே முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கைக்காசு கரைகிறதே என்ற பயத்தில் பாதியிலேயே விளம்பரம் செய்யத் தோன்றும். உணவு டெலிவரி செயலிகளில் சேர்வதும் இதற்குப் பிறகுதான். முதல் வாரத்துத் தடுமாற்றத்துக்கு விழுந்த மதிப்பெண் எளிதில் ஏறாது.

வெள்ளோட்டத்தால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. நண்பர்கள் நமக்காக வருகிறார்கள், வாடிக்கையாளர்கள் பழக்கத்துக்காக வருகிறார்கள். அந்தத் தெருவில் போகிற அறிமுகமில்லாதவர் உள்ளே வருவாரா, அந்த விலை அவருக்குக் கட்டுமா என்பதை இவர்களை வைத்து முடிவுசெய்ய முடியாது. சமையலறை தயாரா என்பதற்கு மட்டுமே இங்கே பதில் கிடைக்கும்.

அந்தப் பதிலும் சீட்டில்தான் இருக்கிறது. கடை நிரம்பியிருக்கும்போது தொடர்ந்து மூன்று நாள் பெரும்பாலான தட்டுகள் கால் மணி நேரத்துக்குள் போயிருந்தால், நோட்டில் எழுதிய கோளாறு எதுவும் திரும்பி வராமல் இருந்தால், விழாவுக்கு நாள் குறிக்கலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். அப்படித் தள்ளிப்போட முடியவேண்டும் என்றால், அதுவரை பத்திரிகையிலோ ஃபிளெக்ஸிலோ தேதியை அச்சடிக்காமல் இருக்க வேண்டும்.