கிணற்றின் ஆழமும் கடனின் ஆழமும்

கோவை மாவட்டத்தின் பல பகுதிகளில் கிணற்று நீர் பாறைக்கு மேலுள்ள மண்ணிலும், உதிர்ந்து மென்மையான பாறையிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்குகிறது. கடினப் பாறையில் ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைகின்றன. ஆகவே இருமடங்கு ஆழம் வெட்டினால் இருமடங்கு நீர் கிடைத்துவிடாது.

கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்குமுன் அதன் நீர்மட்டக் கணக்கைப் பார்ப்பது அவசியம். கிணற்று விளிம்பில் ஓர் அடையாளமிட்டு, நீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதை, அடிக்கொரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி அளக்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஜனவரியிலும், கோடையில் மே மாதத்திலும் அளந்து குறிக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு கழித்து, காலையில் அளப்பதே சரி.

மே அளவு மட்டும் ஒரு கோடையில் தாழ்ந்து, ஜனவரி அளவு பழைய இடத்துக்கே வந்தால், அது அந்தக் கோடையில் அதிகம் இறைத்ததைக் காட்டும். மழை குறையாத ஆண்டுகளிலும் ஜனவரி அளவு ஆண்டுதோறும் கீழிறங்கினால், ஊறுவதைவிட இறைப்பது மிகுதி என்று பொருள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 90 அடிக் கிணறு ஒன்றில் ஜனவரி அளவு மூன்று ஆண்டுகளில் 25, 33, 41 அடி என்றும், மே அளவு 68, 76, 84 அடி என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 அடி இறங்குகிறது. அடுத்த மே மாதம் நீர் 92 அடிக்குப் போகும், கிணறு வறண்டுவிடும்.

உழவர் மேலும் 30 அடி வெட்டுகிறார். இறக்கம் இதே வேகத்தில் நீடித்தால் நான்கு கோடைகள் தாங்கும். ஐந்தாம் கோடையில் 120 அடிக் கிணறும் வறளும். இந்த வேலைக்கு ரூ.1,50,000 கடன் வாங்கியிருந்தால், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் நான்கு ஆண்டு வட்டி மட்டும் ரூ.1,44,000 ஆகும். அசல் அப்படியே நிற்கும். அப்போது கிணறும் இல்லை, கடனும் தீரவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரரும் ஆழப்படுத்தினால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். இருவரும் எடுப்பது ஒரே நீர்தான். நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்பட்ட பகுதிகளில் புதுக் கிணற்றுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால், கைமாற்றும் கந்துவட்டியுமே மிஞ்சுகின்றன. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகிவிட்டபடியால், நீர் கீழிறங்குவதை மின்கட்டணமும் காட்டிக்கொடுப்பதில்லை.

எனவே வெட்டுவதற்கு முன், ஆண்டுக்கு இறங்கும் அடியால் வெட்டப்போகும் ஆழத்தை வகுத்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும் ஆண்டுகளுக்குள் அந்த நீரில் வரும் அதிக வருமானம் அசலையும் வட்டியையும் தீர்க்காது என்றால், பரப்பைக் குறைத்து, கரும்பு, வாழைக்குப் பதில் குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறி, சொட்டுநீர் பாய்ச்சுவதே நட்டம் குறைந்த வழி.