‘நான்’ என்று பேசும் மூன்றாம் ஆள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 5ஆம் வகுப்புப் படிக்கும் ஒரு தமிழ்ப் பையனின் தேர்ச்சி அறிக்கையில் கணக்குக்கு ‘பி’ போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்குச் சந்தோஷம். ஆனால் அதே வரிசையில் உள்ள ஒரு சின்னக் கட்டத்திலும் குறி இடப்பட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் தனிப்பட்ட கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி., நடைமுறையில் இருக்கிறது என்று அந்தக் குறிக்குப் பொருள். பையன் வாங்கிய ‘பி’ 5ஆம் வகுப்புக் கணக்குக்கு உரியதல்ல. திட்டத்தில் அவனுக்கென எழுதப்பட்ட 3ஆம் வகுப்பு மட்டக் கணக்குக்கு உரியது.

இதைச் சொல்லத்தான் ஆசிரியர் பெற்றோரை அழைக்கிறார். பெற்றோருக்கு ஆங்கிலம் போதாது, ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் ஓர் உரைபெயர்ப்பாளர் அமர்கிறார்.

பல வீடுகளில் இந்த வேலையை அந்தப் பிள்ளையே செய்துவிடுகிறது, இல்லையென்றால் அதன் அக்கா செய்கிறாள். தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்லும்படி ஒரு பிள்ளையை வைப்பது கொடுமை. அதில் உண்மை முழுதாக வந்து சேரும் என்றும் நம்ப முடியாது.

பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் முதல் சில நிமிடங்களிலேயே நான்கு விஷயங்களை இரு மொழியிலும் அறிவித்துவிடுவார். இங்கே பேசப்படும் எல்லாம் மொழிபெயர்க்கப்படும், வாய்க்குள் முணுமுணுப்பதும் உட்பட. எதுவும் வெளியே போகாது. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பேச வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டும், உரைபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. அதனால்தான் அவர் பெற்றோருக்குப் பக்கத்தில், சற்றே பின்தள்ளி உட்காருகிறார்.

பிறகு பேச்சு தொடங்குகிறது. “அவன் வகுப்பில் மிகவும் அமைதியாக இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று ஆசிரியர் சொன்னால், உரைபெயர்ப்பாளரும் தமிழில் “எனக்குக் கவலையாக இருக்கிறது” என்றே சொல்வார். “ரீச்சருக்குக் கவலையாம்” என்று சொல்ல மாட்டார். முதல் தடவை கேட்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். கவலை யாருக்கு, இந்தப் பெண்ணுக்கா, ரீச்சருக்கா என்று அம்மா திகைக்கலாம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் ஓரிரு வாக்கியத்தில் காது பழகிவிடும்.

இந்த வழக்கம் வெறும் சம்பிரதாயம் அல்ல. “அவ சொல்லுறா” என்று ஆரம்பித்தவுடனேயே பேசுபவர் கதை சொல்பவராகிவிடுகிறார். கதை சொல்பவர் சுருக்குவார், தன் கருத்தையும் சேர்த்துவிடுவார். பேச்சில் பிள்ளையும் அதிபரும் வேறோர் ஆசிரியரும் வந்து போகும்போது “அவர் சொன்னார்” என்றால் எவர் என்ற குழப்பமும் வரும். ‘நான்’ என்று சொல்லும்போது சொன்னவர் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பாக நிற்கிறார். உரைபெயர்ப்பாளர் தனக்காகப் பேச நேர்ந்தால் மட்டும் “உரைபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்கிறார்” என்று தன்னைப் படர்க்கையில் சொல்லிக்கொள்வார். எந்த ‘நான்’ யாருடையது என்ற சந்தேகம் அப்போது எழாது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிரியர் ஆங்கிலத்தில் “நாம் வாசிப்பில் உழைக்க வேண்டும்” என்கிறார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல் ‘நாம்’ என்றும் ஆகும், ‘நாங்கள்’ என்றும் ஆகும். முதலாவதில் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. இரண்டாவதில் அது பள்ளிக்கூடத்தின் வேலை. பேச்சில் பலர் இரண்டுக்குமே ‘நாங்கள்’ என்று சொல்வதால் தவறு நடந்ததே தெரியாமல் போகும். “பள்ளி மட்டுமா, பெற்றோரும் சேர்ந்தா?” என்று ஆசிரியரையே கேட்டுவிடுவதுதான் சரியான வழி.

நடுநிலையைச் சோதிக்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நடைபாதையில்தான் வருகிறது. “தங்கச்சி, நீங்கள் எங்கட ஆள். ரீச்சரிட்ட கொஞ்சம் நல்லமாதிரி எடுத்துச் சொல்லுங்கோ” என்று அம்மா கேட்பார். “அக்கா, அதை நீங்களே ரீச்சரிட்டச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை நான் அப்படியே சொல்லுவன்” என்பதுதான் அதற்குப் பதில். ஆசிரியர் எழுந்து வெளியே போனால் தானும் எழுந்து போய்விடுவது இந்தத் தொழிலில் நல்ல பழக்கம். தனியாக இருந்தால் ஆலோசனை கேட்கப்படும். பதில் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்ததாகும்.

ஆசிரியர் பக்கத்திலிருந்தும் இதே சோதனை வரும். அவர் உரைபெயர்ப்பாளரிடம் திரும்பி, “இந்த அம்மாவுக்கு நான் சொல்வது புரிகிறதா?” என்று கேட்பார். உரைபெயர்ப்பாளர் அதற்குத் தான் பதில் சொல்லாமல், கேள்வியை அம்மாவிடமே தமிழில் கொண்டுபோவார். புரிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அம்மாதான்.

இனி அந்த ‘பி’க்கு வருவோம். ஐ.இ.பி.யில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள் அக்கொமொடேஷன், மொடிஃபிகேஷன். பரீட்சைக்குக் கூடுதல் நேரம், அமைதியான இடம், கேள்வியை வாசித்துக் காட்டுவது போன்றவை அக்கொமொடேஷன். இதில் பாடம் 5ஆம் வகுப்புப் பாடமேதான். படிக்கும் வழிதான் மாறுகிறது. மொடிஃபிகேஷனில் பாடமே மாறுகிறது. பிள்ளையிடம் எதிர்பார்ப்பது வேறு வகுப்பின் பாடமாகவோ, அதே வகுப்பின் குறைந்த பாடமாகவோ இருக்கும். இரண்டையும் அவசரத்தில் ‘மாற்றங்கள்’ என்று தமிழாக்கிவிட்டால், “கொஞ்சம் கூடுதல் நேரம் குடுக்கினமாக்கும்” என்று நினைத்துப் பெற்றோர் தலையாட்டுவார்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு இது பெரிதாகும். அங்கே மொடிஃபிகேஷன் செய்த பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்குமா என்பதை அதிபர் தீர்மானிக்கிறார்.

இந்த இடத்தில் உரைபெயர்ப்பாளர் தானே ஆசிரியராகி விளக்க ஆரம்பிக்கக் கூடாது. பேச்சை நிறுத்தி, “இந்தச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் இல்லை. இதில் என்ன மாறுகிறது என்று விளக்க முடியுமா என்று உரைபெயர்ப்பாளர் கேட்கிறார்” என்று ஆசிரியரிடம் சொல்வார். தான் கேட்டதை உடனே பெற்றோரிடமும் தமிழில் சொல்வார். ஆசிரியர் தரும் விளக்கம் தமிழில் போகும். ஆங்கிலச் சொல்லையும் அதன் ஒலியோடு சேர்த்துச் சொல்வார், ஏனென்றால் பெற்றோர் கையில் வரப்போகும் தாளில் இருப்பது அந்தச் சொல்தான்.

‘கற்றல் குறைபாடு’ என்ற தொடரிலும் இதே கவனம் தேவை. தமிழ்க் காதில் அது மந்தபுத்தி போல ஒலிக்கிறது. ஒன்ராறியோ கல்வி அமைச்சின் வரையறைப்படியோ, அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைந்தபட்சம் சராசரி அளவிலாவது இருக்கும். “எங்கட பிள்ளையை மொக்கன் எண்டு சொல்லுறா” என்று அப்பா மனைவியிடம் முணுமுணுத்தால், அதையும் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டால்தான் தன் சொல் எப்படிப் போய் விழுந்தது என்று ஆசிரியருக்குத் தெரியும்; திருத்தவும் முடியும்.

இவ்வளவையும் வழக்கமான 10, 15 நிமிடச் சந்திப்பில் அடக்க முடியாது. ஒவ்வொன்றும் இரண்டு முறை சொல்லப்படுவதால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே தேதி குறிக்கும்போதே பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: தமிழ் உரைபெயர்ப்பாளர், இரு மடங்கு நேரம், சந்திப்புக்கு முன்பே ஐ.இ.பி.யின் ஒரு பிரதி. அன்று கையெழுத்துக் கேட்டால், எந்தப் பாடத்தில் எந்த வகுப்பின் கணக்கு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அந்தத் திட்டம் ஒவ்வொரு தேர்ச்சி அறிக்கைக் காலத்திலும் ஒரு தடவையாவது மீள்பார்வை செய்யப்பட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. அடுத்த முறையும் இதே கேள்வியைக் கேளுங்கள்.