இறந்தவரின் கணக்கில் தானாகப் போகும் பணம்: எப்போது நிற்கும், எப்படி நிறுத்துவது?

மலையகத் தோட்டங்களுக்குத் தானியங்கிக் கழிவு புதிதல்ல. தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம், மரண உதவிச் சங்கப் பணம், பண்டிகை முற்பணத் தவணை எல்லாம் சம்பளம் கைக்கு வருமுன்பே செக்ரோலில் கழிபடும். தொழிலாளி இறந்ததும் செக்ரோலில் பெயரை வெட்டுவார்கள். அந்த ஒரு வெட்டோடு எல்லாக் கழிவும் நின்றுவிடும். பணம் கொடுப்பதும் பிடிப்பதும் ஒரே அலுவலகம் என்பதால் அது சாத்தியமாகிறது.

வங்கிக் கணக்குக்கு அப்படி ஒற்றைப் பேரேடு கிடையாது. பெரகல சந்தியில் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்குக் கணக்கு ஹப்புத்தளையில், லீசிங் பண்டாரவளையில், காப்புறுதி கொழும்பில் இருக்கலாம். போனில் அவர் பார்க்கும் படச் சேவையின் கணினி கடலுக்கு அப்பால் இருக்கும். அவர் இறந்த செய்தி இவற்றில் எதற்கும் தானாகப் போய்ச் சேராது. யாராவது சொல்லும்வரை ஒவ்வொரு கணினியும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மூன்று மாதத்தில் 300 ரூபாய்

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆட்டோக்காரர் ஒரு மாதம் 2ஆம் திகதி இறக்கிறார். கணக்கில் 96,000 ரூபாய் இருக்கிறது. 5ஆம் திகதி லீசிங் தவணை 27,500, 12ஆம் திகதி ஆயுள் காப்புறுதிக் கட்டணம் 3,000, 18ஆம் திகதி படச் சேவைக்கு 1,400. மாதத்துக்கு மொத்தம் 31,900 ரூபாய்.

வீட்டார் வங்கிக்கு எதுவும் சொல்லவில்லை. மரணச் சான்றிதழ் கையில் வரட்டும், பெயர்ப் பிழை திருந்தட்டும், எட்டுச் செலவும் கருமாதியும் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். முதல் மாத முடிவில் மீதி 64,100. இரண்டாம் மாதம் 32,200. மூன்றாம் மாதம் 300 ரூபாய். நான்காம் மாதம் எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகும்போது கணக்கில் கோருவதற்கு எதுவும் இல்லை.

அறிவித்தலும் கோருதலும் வேறு வேறு வேலைகள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கணக்கிலுள்ள பணத்தைப் பெற மரணச் சான்றிதழ், உறவுக்கான அத்தாட்சி, சில வேளை நீதிமன்ற ஆவணமும் தேவைப்படும். தோட்டப் பகுதிகளில் இது இழுபடுவதற்குப் பெரிய காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில், வங்கிப் புத்தகத்தில் தந்தையின் பெயரோடு சேர்த்து. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று காட்டச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும். ஆனால் வாடிக்கையாளர் இறந்துவிட்டார் என்று வங்கிக்குத் தெரிவிக்க இத்தனை காகிதம் வேண்டியதில்லை. அதை முதல் நாளிலேயே செய்யலாம்.

இறப்பா, இறப்பு பற்றிய அறிவித்தலா?

1882ஆம் ஆண்டின் பிரித்தானிய மாற்றுண்டியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளரின் காசோலைக்குப் பணம் கொடுக்க வங்கிக்குள்ள அதிகாரம், அவர் இறந்த செய்தி வங்கிக்குக் கிடைத்ததும் முடிகிறது. இறந்த கணத்தில் முடிவதாக அச்சட்டம் சொல்லவில்லை. இலங்கையின் 1927ஆம் ஆண்டு மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமும் அந்தச் சட்டத்தை அடியொற்றியதே. காசோலைக்கு எழுதப்பட்ட விதி என்றாலும் வங்கிகள் மற்றக் கட்டளைகளையும் பெரும்பாலும் இந்த முறையிலேயே நடத்துகின்றன. அதனால் இறப்புக்கும் அறிவித்தலுக்கும் இடைப்பட்ட நாட்களில் போன பணத்துக்கு வங்கியைக் குறை சொல்வது கடினம். அறிவித்தலுக்குப் பிறகு போனதற்கு வங்கி பதில் சொல்ல வேண்டும். எந்தத் திகதியில் சொன்னீர்கள் என்பதே பிறகு எல்லா வாதத்துக்கும் அடிப்படை.

மூன்று குழாய்கள்

கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் வழிகள் ஒரே மாதிரியானவை அல்ல. வங்கிக்குச் சொன்னதும் ஒன்று நிற்கும், ஒன்று பாதி நிற்கும், ஒன்று நிற்கவே நிற்காது.

முதலாவது, ஸ்டேண்டிங் ஓடர் எனும் நிலையியற் கட்டளை. மாதாமாதம் இன்ன திகதியில் இவ்வளவு அனுப்பு என்று வாடிக்கையாளர் தன் வங்கிக்கு எழுதிக் கொடுத்தது. கட்டளை வங்கியின் கணினியில் இருப்பதால், கணக்கை இறந்தவர் கணக்கு என்று குறித்ததும் அது ஓடாது. நம் உதாரணத்தில் 4ஆம் திகதி சொல்லியிருந்தால் 5ஆம் திகதி லீசிங் பணம் போயிருக்காது.

ஆனால் கட்டளை நின்றால் கடன் நிற்காது. தவணை தவறியதாகவே லீசிங் நிறுவனம் கணக்கு வைக்கும், தாமதக் கட்டணம் ஏறும், பிறகு வண்டியை எடுத்துப்போக ஆள் வரும். ஆகவே வங்கிக்குச் சொல்லும் அதே நாளில் லீசிங் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தோடு கடன்காரரின் உயிருக்குக் காப்புறுதி எடுக்கப்பட்டதா என்பதை அங்கே கேளுங்கள். எடுக்கப்பட்டிருந்தால் மீதிக் கடனை அது அடைக்கக்கூடும். ஆயுள் காப்புறுதியின் கதை வேறு. இறந்த திகதியில் அது நடைமுறையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வரும் தவணைகளைக் கட்டிக் காப்பாற்ற எதுவும் இல்லை, அப்படித் தவறுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

இரண்டாவது, கார்டில் பதிந்த கட்டணம். முதல் முறை பணம் கட்டும்போது கார்ட் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியையும் பதிந்திருப்பார். அதன் பிறகு நிறுவனம் அந்த எண்ணையோ, அதற்குப் பதிலான டோக்கன் எனும் மாற்று எண்ணையோ வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் தானே பணம் கேட்கும். அதற்கு ஓடிபி தேவையில்லை. போனை அணைத்து வைத்தாலும், செயலியை அழித்தாலும் கட்டணம் போவது இதனால்தான். கூகுள் பிளே வழியாகச் சேர்ந்த சேவையானால் `Payments & subscriptions` பகுதிக்குப் போய் ரத்துச் செய்தால்தான் அது ரத்து.

வங்கி பணம் கொடுக்க மறுக்கும்போது நிறுவனத்துக்கு ஒரு குறியீடு போகும். `51` என்றால் கணக்கில் போதிய பணமில்லை. நிறுவனத்தின் கணினி இதைத் தற்காலிகத் தடையாக எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி கேட்கும். விசா விதிப்படி 30 நாளில் 15 தடவை வரை கேட்கலாம். யாராவது அந்தக் கணக்கில் பணம் போட்டால் அடுத்த தடவை கேட்கும்போது பிடித்துக்கொள்ளும். `R0` என்றால் இந்தக் கட்டணத்தை நிறுத்தும்படி வாடிக்கையாளர் தரப்பு சொல்லிவிட்டது என்று பொருள், மறுபடி கேட்கக் கூடாது. எனவே கணக்கைக் காலியாக விட்டால் போதும் என்ற யோசனை தவறு. கார்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிய கார்ட் எடுப்பதும் தவறு. கார்ட் விவரத்தைப் புதுப்பித்துத் தரும் சேவையில் வங்கியும் நிறுவனமும் சேர்ந்திருந்தால், புதிய எண் தானாக நிறுவனத்துக்குப் போய்விடும். வங்கியில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கார்டுக்குரியவர் இறந்துவிட்டார், கார்டை நிரந்தரமாக மூடுங்கள். கடன் அட்டை இருந்தால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் வேறு பிரிவின் கையில் இருக்கும்.

பிரித்தானியாவின் நேரடிப் பற்று முறையில் ‘செலுத்துபவர் இறந்துவிட்டார்’ என்பதற்கென்றே தனிக் குறியீடு உண்டு. எண் `2`. அமெரிக்காவில் அது `R15`. வங்கிக்கு ஒரு முறை சொன்னால் அடுத்த தவணை கேட்ட நிறுவனத்துக்கும் காரணம் தெரிந்துவிடும். கார்ட் வழியில் போகும் கட்டணத்தில் நிறுவனத்துக்குத் தெரிவது கட்டணம் நின்றது என்பது மட்டும். ஏன் நின்றது என்று வீட்டார்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, போன் மீதியிலிருந்து நாளுக்கு நாள் கழியும் சில ரூபாய்கள். செய்தி, ராசிபலன், பாட்டு என்று சேர்ந்த சேவைகள் இவை. இவற்றுக்கும் வங்கிக்கும் தொடர்பில்லை. மீதி இருக்கும்வரை கழியும், அதனால் ரீலோட் செய்யாதீர்கள். பில் கட்டும் இணைப்பானால் தொலைபேசி நிறுவனத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிம்மைக் கடைசியில் மூடுங்கள்

பலரும் முதலில் நிறுத்துவது சிம்மைத்தான். ஆனால் என்னென்ன கழிகிறது என்ற பட்டியல் அந்தப் போனில்தான் இருக்கிறது. பணம் போனதும் வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்களைப் பின்னோக்கிப் பார்த்தால் நிறுவனப் பெயர், தொகை, திகதி மூன்றும் கிடைக்கும். 13 மாதம் பின்னே பாருங்கள். வருடம் ஒருமுறை போகும் கட்டணம் அப்போதுதான் கண்ணில் படும். எல்லாம் நின்றதா என்று தெரிந்துகொள்ளவும் அதே எண் வேண்டும். பட்டியலிலுள்ள ஒவ்வொரு கட்டணத் திகதியும் ஒருமுறை கழிவில்லாமல் கடந்தால் நின்றது என்று கொள்ளலாம். இந்தியாவில் 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எச்சரிக்கையும் இறந்தவரின் போனுக்குத்தான் போகிறது.

போனை வைத்திருப்பது பார்ப்பதற்காக. இறந்தவரின் ஏடிஎம் கார்டாலும் ரகசிய எண்ணாலும் பணம் எடுப்பது வேறு விஷயம். செத்தவீட்டுச் செலவுக்காக எடுத்தாலும், பிறகு மற்ற உரிமைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அவசரச் செலவுக்கு என்ன வழி என்று வங்கி முகாமையாளரிடமே கேட்கலாம். கணவன் மனைவி கூட்டுக் கணக்கானால், உயிரோடு இருப்பவரின் பெயரில் கணக்கு தொடரக்கூடும், கட்டளைகளும் தொடரும். அங்கே நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவரே.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். இறந்தவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், கணக்கு எண், இறந்த திகதி, எழுதுபவரின் உறவு ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு இப்படி: “நிலையியற் கட்டளைகள், கார்டுகள், இணைய வங்கிச் சேவை அனைத்தையும் இன்றே நிறுத்தும்படி கேட்கிறேன். மரணச் சான்றிதழ் கிடைத்ததும் சமர்ப்பிப்பேன்.” இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் வங்கியின் திகதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குத் திகதி இருக்காது. கிளைக்குப் போக முடியாத நாளில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குச் சொல்லி, முறைப்பாட்டு எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த வேலை நாளில் கடிதத்தைக் கொடுங்கள். வீட்டு மின்சாரப் பட்டியல் அந்தக் கணக்கிலிருந்து போயிருந்தால் அந்த மாதப் பணத்தைக் கையில் கட்டுங்கள். இல்லாவிட்டால் லயத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும்.

முத்திரைத் திகதிக்குப் பிறகும் பணம் போனால் அந்தக் கழிவை எழுத்தில் மறுக்கலாம். ரத்துச் செய்த சந்தாவுக்குப் பிடித்த கட்டணத்தை எதிர்க்க விசாவில் 13.2 என்ற தனிப் பிரிவே இருக்கிறது. வழக்கமான கெடு 120 நாள், விண்ணப்பம் வங்கி வழியாகப் போகும். நிறுவனத்துக்கு ரத்தைத் தெரிவித்ததற்கான சான்றும் கையில் இருக்கட்டும். வங்கி உரிய பதில் தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற எண்ணில் முறையிடலாம். அங்கேயும் முதலில் எப்போது அறிவித்தீர்கள் என்றே கேட்பார்கள். முத்திரை விழுந்த அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.